(1+x)^(-1/2) தொடர்: x = 1, x = -1 இல் என்ன ஆகிறது?

"ஈருறுப்புத் தொடரில் ஆரம் 1 வந்துவிட்டது. ஆனால் x = 1, x = -1 இரண்டிலும் விகிதச் சோதனை 1 தருகிறது. மேலே எப்படிப் போவது?"

விகிதம் 1 வந்தால் அந்தச் சோதனையை விட்டுவிடுங்கள். உறுப்பு எவ்வளவு வேகமாகச் சிறுக்கிறது என்பதுதான் இனி கேள்வி. குறியை நீக்கினால் கெழு

bₙ = (1·3·5…(2n-1)) / (2·4·6…(2n))

x = -1 இல் எல்லா உறுப்புகளும் மிகை: 1 + 1/2 + 3/8 + 5/16 + … இதன் கீழெண்களை ஓர் இடம் தள்ளி எழுதுங்கள்:

bₙ = (3/2)(5/4)…((2n-1)/(2n-2)) · 1/(2n)

முன்னால் நிற்கும் பின்னங்கள் எல்லாம் 1ஐ விடப் பெரியவை. ஆக, n ≥ 2 எனில் bₙ > 1/(2n). 1/n தொடர் விரியும், இதுவும் விரியும். சார்பே அங்கே 1/√0 ஆகிவிடுகிறதே!

x = 1 இல் குறிகள் மாறி மாறி வரும். bₙ குறைந்துகொண்டே போகிறது. ஆனால் 0 வரை போகிறதா என்பதைப் பலரும் சரிபார்ப்பதில்லை. (2k-1)(2k+1) < (2k)² என்பதிலிருந்து bₙ² < 1/(2n+1) கிடைக்கும், அது போதும். லைப்னிட்ஸ் சோதனைப்படி தொடர் ஒருங்கும், ஆனால் அறுதியாக அல்ல. ஆபெல் தேற்றப்படி கூடுதல் 1/√2 ≈ 0.7071.

கணக்கிட்டுப் பார்த்தால் 1, 0.5, 0.875, 0.5625, 0.8359 என்று ஊசலாடும். அடுத்தடுத்த இரண்டின் சராசரியை எடுங்கள்: 0.75, 0.6875, 0.7188, 0.6992. சட்டென்று நெருங்குகிறது.

அடுக்கு α முழு எண் இல்லாதபோது பொதுவாக உறுப்பின் அளவு 1/n^(α+1) போலப் போகும். α > 0 என்றால் இரு முனையிலும் ஒருங்கும்; -1 < α < 0 என்றால் x = 1 இல் மட்டும்; α < -1 என்றால் இரண்டிலும் இல்லை.