வாராவாரம் சீக்கிரம் கிளம்ப மேனேஜரிடம் எப்படிக் கேட்பது?

கேள்வி: சோழிங்கநல்லூரில் ஒரு ஐடி கம்பெனி, டெஸ்டிங் டீம், லண்டன் கிளையண்ட். ஆகஸ்டிலிருந்து செவ்வாய், வியாழன் மாலை 6:30க்கு நுங்கம்பாக்கத்தில் ஜப்பானிய மொழி வகுப்பில் சேரலாம் என்றிருக்கிறேன். டிசம்பரில் என்-4 தேர்வு. இரண்டு நாளும் 4:45க்கே கிளம்ப வேண்டும். மேனேஜரிடம் எப்படிச் சொல்வது?

பதில்:

சில வருடங்களாக நான் மேஜைக்கு அந்தப் பக்கம், அதாவது இப்படிக் கேட்டு வருபவர்களுக்குப் பதில் சொல்லும் இடத்தில் இருக்கிறேன். அதனால் அங்கிருந்தே சொல்கிறேன். "சீக்கிரம் கிளம்பணும்" என்று ஒருவர் வந்து நின்றால் மேனேஜர் மனதில் முதலில் ஓடுவது, அந்த நேரத்து வேலையை யார் பார்ப்பது என்பதுதான். இரண்டாவதாக, இவர் இண்டர்வியூவுக்குப் போகிறாரோ என்ற சந்தேகம். வாரா வாரம் ஒரே கிழமையில் காரணம் சொல்லாமல் நழுவுகிறவர்களைப் பற்றி ஐடியில் வேறு எதுவும் யோசிக்க மாட்டார்கள். ஆகவே "ஒரு பர்சனல் வேலை" என்று மழுப்பாதீர்கள். என்ன வகுப்பு, எப்போது முடியும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அடுத்து, இதைப் பர்மிஷனாகக் கேட்காதீர்கள். பல கம்பெனிகளில் பர்மிஷன் என்றால் மாதத்துக்கு இரண்டு முறை, ஒவ்வொன்றும் ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோதான். மூன்றாவதிலிருந்து அரை நாள் லீவு கழியும். உங்கள் கணக்கில் மாதத்துக்கு எட்டு, ஒன்பது முறை வரும். மேனேஜர் நல்ல மனதோடு தலையாட்டினாலும், மாதக் கடைசியில் அட்டெண்டன்ஸ் போர்ட்டல் தலையாட்டாது. ஸ்வைப் நேரம் குறைகிறது என்று எச்.ஆரிடமிருந்து மெயில் வரும், அப்போது அவரும் உங்களுக்காகப் பேசத் தயங்குவார். கேட்க வேண்டியது ஷிப்ட் மாற்றம். இப்போது 9:30 முதல் 6:30 வரை என்றால், அந்த இரண்டு நாள் மட்டும் 7:45 முதல் 4:45 வரை. அதே ஒன்பது மணி நேரம்தான். போர்ட்டலில் அந்த நாட்களுக்கு ஷிப்டை மாற்றிவிட்டால் சிஸ்டம் உங்களைச் சீக்கிரம் போனவராகவே காட்டாது. 7:45க்குக் கம்பெனி கேப் வருமா என்று டிரான்ஸ்போர்ட்டில் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். 4:45க்குத் திரும்பும் கேப் அநேகமாக இருக்காது, அது உங்கள் சொந்தச் செலவு. குறைகிற நேரத்தைச் சனிக்கிழமை வந்து ஈடுகட்டுகிறேன் என்று மட்டும் சொல்ல வேண்டாம். சனிக்கிழமை டீமில் யாரும் இருக்க மாட்டார்கள், அந்த உழைப்பை ஒருவரும் கணக்கில் எடுத்துக்கொள்வதும் இல்லை.

ஹைப்ரிட் முறை இருந்தால், வீட்டிலிருந்து வேலை செய்யும் நாளில் ஒன்றைச் செவ்வாய்க்கோ வியாழனுக்கோ மாற்ற முடியுமா என்று பாருங்கள். வீடு கோடம்பாக்கம், வடபழனிப் பக்கம் என்றால் வகுப்புக்கு ஐந்தே முக்காலுக்குக் கிளம்பினால்கூடப் போதும். மெட்ரோ வேலை நடக்கும் ஓ.எம்.ஆரில் மாலையில் மாட்டிக்கொள்ளாமல் இருப்பதே பாதி வெற்றி. கேட்கிற சலுகை சிறியதாக இருந்தால் கிடைப்பதும் சுலபம்.

இனி, பலர் கவனிக்காமல் விடுகிற விஷயம்: லண்டன் கடிகாரம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

ஆகஸ்டில் நமக்கும் லண்டனுக்கும் நாலரை மணி நேர வித்தியாசம். நீங்கள் கிளம்பும் 4:45க்கு அங்கே மதியம் 12:15. நீங்கள் வழக்கமாகக் கிளம்பும் 6:30க்கு அங்கே 2 மணி. ஆக, நீங்கள் இல்லாத அந்த ஒன்றே முக்கால் மணி நேரத்தில் பெரும்பகுதி அவர்களுடைய லன்ச் நேரம். கேள்வி கேட்கக்கூட அங்கே ஆள் இருப்பது குறைவு. இதை மேனேஜரிடம் அப்படியே சொல்லலாம், வலுவான வாதம்.

ஆனால் அக்டோபர் கடைசி ஞாயிறன்று பிரிட்டனில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள். வித்தியாசம் ஐந்தரை மணி நேரமாகிவிடும். அதன் பிறகு உங்கள் 4:45 என்பது அவர்களுக்குக் காலை 11:15. வேலை சூடு பிடித்திருக்கும் நேரம். கூடவே மீட்டிங்குகளும் நகரும். உதாரணத்துக்கு, தினசரி ஸ்டாண்ட்-அப் கால் லண்டன் நேரம் 11:30க்கு என்று வைத்துக்கொள்வோம். ஆகஸ்டில் அது நமக்கு மாலை 4 மணி, பேசி முடித்துவிட்டுக் கிளம்பலாம். நவம்பரில் அதே கால் மாலை 5 மணிக்கு வரும். அப்போது நீங்கள் பெருங்குடிப் பக்கம் வண்டிக்குள் உட்கார்ந்திருப்பீர்கள். டிசம்பர் தேர்வு அந்த மாதத்தின் முதல் ஞாயிறன்று. எனவே கடைசி ஐந்து, ஆறு வாரம் இந்தச் சிக்கல் இருக்கும். ஆகஸ்டில் சந்தோஷமாகச் சரி சொன்ன மேனேஜர் நவம்பரில் முகம் சுளிப்பது பெரும்பாலும் இதனால்தான். ஒப்புக்கொண்டதிலிருந்து அவர் மாறிவிட்டதாக ஊழியர் நினைப்பார், உண்மையில் மாறியது கடிகாரம்.

இதை நீங்களே முதலில் எடுத்து வைத்தால் மதிப்பு கூடும். அந்த ஆறு வாரத்துக்கு இரண்டு வழி இருக்கிறது. செவ்வாய், வியாழன் மட்டும் ஸ்டாண்ட்-அப்பை லண்டன் நேரம் 10:30க்கு வைக்கச் சொல்லிக் கேட்கலாம், அப்போது நமக்கு மாலை 4 மணிதான். கிளையண்ட் ஒத்துக்கொள்ளாவிட்டால், உங்கள் அப்டேட்டை 4:30க்குள் எழுதி அனுப்பிவிட்டால், டீமில் ஒருவர் அதை ஸ்டாண்ட்-அப்பில் வாசிக்கலாம். வண்டியில் இருந்தபடியே கால் அட்டெண்ட் பண்ணுகிறேன் என்ற வாக்குறுதி மட்டும் வேண்டாம். ஹாரன் சத்தத்தில் யாருக்கும் எதுவும் கேட்காது. கிளையண்ட் விவரங்களைப் பொது இடத்தில் பேசக் கூடாது என்ற விதி வேறு பல பிராஜெக்ட்டுகளில் உண்டு.

வாசிக்கப்போகும் அந்த ஒருவரிடம் மேனேஜருக்கு முன்பே பேசிவிட வேண்டும். "அவர் பார்த்துக்குவார்" என்று நீங்கள் சொல்ல, அவருக்கே விஷயம் தெரியாது என்றால் அங்கேயே கதை முடிந்தது. பதிலுக்கு ஏதாவது கொடுங்கள். அவருக்கு வெள்ளிக்கிழமை ஊருக்குப் பஸ் பிடிக்க வேண்டியிருந்தால் அன்று மாலை முழுவதும் நீங்கள் பார்த்துக்கொள்வது நியாயமான கொடுக்கல் வாங்கல்.

இப்போது பேசுவது. டீம் குரூப்பில் மெசேஜ் போடாதீர்கள், ரிலீஸ் வாரத்திலும் வேண்டாம். உங்கள் ஒன்-ஆன்-ஒன்னில், ஃபீஸ் கட்டுவதற்கு முன் பேசுங்கள். பணம் கட்டிவிட்டு வந்து சொன்னால் அது கேட்பதாக இருக்காது, தகவல் சொல்வதாகிவிடும். பல மேனேஜர்களுக்கு அது உறுத்தும். ஏறக்குறைய இப்படிப் பேசலாம்:

"ஆகஸ்ட்லேர்ந்து ஜப்பானீஸ் கிளாஸ் சேரலாம்னு இருக்கேன், டிசம்பர் முதல் வாரத்தோட முடிஞ்சிடும். செவ்வாய், வியாழன் ரெண்டு நாள் மட்டும் ஏழே முக்காலுக்கு வந்துட்டு நாலே முக்காலுக்குக் கிளம்பலாமா? அதுக்கப்புறம் ஏதாவது வந்தா பார்த்துக்கறதா டீம்ல பேசி வெச்சிருக்கேன். நவம்பர்ல ஸ்டாண்ட்-அப் அஞ்சு மணிக்குப் போயிடும், அதுக்கும் ஒரு ஐடியா இருக்கு. நீங்க என்ன நினைக்கிறீங்க?"

இவ்வளவுதான். ஜப்பான் போகும் ஆசை, பத்து வருடத் திட்டம் எல்லாம் வேண்டாம். அவராகக் கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். ஜப்பானிய கிளையண்ட்டுகள் இருக்கிற கம்பெனி என்றால் அவருக்கே அதில் ஆர்வம் வரக்கூடும்.

"சரி, பார்த்துக்கலாம்" என்று அவர் சொன்னால் அதை ஒப்புதலாக எடுத்துக்கொண்டு எழுந்து வந்துவிடாதீர்கள். நம் ஆபீஸ்களில் அந்த வார்த்தைக்கு ஆமாம், இல்லை, மறந்துவிடுவேன் என்று மூன்று அர்த்தமும் உண்டு. அன்றைக்கே ஒரு சின்ன மெயில் அனுப்புங்கள். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, எந்தக் கிழமைகள், எத்தனை மணி, யார் பார்த்துக்கொள்வார், நவம்பருக்கு என்ன ஏற்பாடு என்று ஐந்து வரி போதும். கடைசி வரியில் அந்த நாட்களுக்குப் போர்ட்டலில் ஷிப்டை மாற்றித் தரும்படி கேளுங்கள். அவர் ஷிப்டை மாற்றினால் ஒப்புக்கொண்டார் என்று அர்த்தம். ஒரு வாரமாகியும் மாற்றவில்லை என்றால் அவர் இன்னும் முடிவு செய்யவில்லை. அதை நினைவூட்டுங்கள், ஆகஸ்ட் வரை காத்திருக்காதீர்கள். நடுவில் மேனேஜர் மாறினாலும் இந்த மெயில்தான் கை கொடுக்கும்.

ரிலீஸ் வாரம் வரும், அதற்கும் இப்போதே ஒரு பேச்சு இருக்கட்டும். புரொடக்ஷனில் பெரிய கோளாறு என்றால் வகுப்பை விட்டுவிட்டு இருப்பேன், வழக்கமான பக் ரீ-டெஸ்ட் என்றால் மறுநாள் காலை ஏழே முக்காலுக்கே வந்து முடித்துவிடுவேன் என்று கோடு போட்டுச் சொல்லுங்கள். அடுத்த நாள் புதனோ வெள்ளியோதான், உங்கள் ஷிப்ட் 9:30க்கு என்றாலும் அன்று சீக்கிரம் வருவது பெரிய கஷ்டமில்லை. லண்டன் ஆபீஸ் திறக்க நமக்கு மதியம் ஒன்றரை, நவம்பரில் இரண்டரை ஆகும். காலையில் முடித்த ரீ-டெஸ்ட் அவர்கள் கண்ணுக்கு முந்தின நாள் மாலை முடித்தது போலத்தான் தெரியும். இந்தக் கோடு இல்லாவிட்டால் ஒவ்வொரு செவ்வாயும் நாலரைக்கு ஏதாவது ஒரு "அர்ஜென்ட்" வந்து உட்காரும்.

வகுப்பு நடத்தும் இடத்திலும் ஒரு கேள்வி கேட்டு வையுங்கள்: ஒரு வகுப்பு தவறினால் வேறு பேட்ச்சில் உட்கார விடுவார்களா? அக்டோபர், நவம்பர் மழையில் ரோட்டில் தண்ணீர் நின்றாலும் இந்தப் பதில் உதவும்.

"ஒரு நாள்னா சரி, ரெண்டு நாள் கஷ்டம்" என்று அவர் சொல்ல வாய்ப்பு நிறைய. அப்படியானால் ஒரு நாளை மட்டும் ஒப்புக்கொண்டு இன்னொன்றை ரகசியமாகச் சமாளிக்கப் பார்க்காதீர்கள், ஸ்வைப் காட்டிக்கொடுத்துவிடும். சனி, ஞாயிறு பேட்ச்சுக்கு மாறுங்கள். அந்தப் பேட்ச்சுகள்தான் முதலில் நிரம்பும். அதனால் மேனேஜரிடம் பேசும் முன்பே அங்கே இடம் இருக்கிறதா என்று போன் பண்ணிக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.