வேலைக்காக ஊர் மாறுகிறீர்களா? ரிலொக்கேஷன் கடிதம் பற்றிச் சில கேள்விகள்

வேலை காரணமாக வேறு ஊருக்குக் குடிபோகும்போது கம்பெனி தரும் உதவித்தொகை பற்றி வந்த கேள்விகளைத் தொகுத்துப் பதில் எழுதியிருக்கிறேன். பெரும்பாலானவர்கள் எவ்வளவு கிடைக்கும் என்பதை மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறார்கள். சிக்கல் வருவதெல்லாம் பணத்தை எப்போது திருப்பித் தர வேண்டும் என்று சொல்லும் பத்தியில்தான். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

கேள்வி: கோவையிலிருந்து புனேவுக்கு மாறச் சொல்கிறார்கள். "12 மாதத்துக்குள் எக்காரணம் கொண்டு வேலையை விட்டு விலகினாலும் முழுத் தொகையையும் திருப்பிச் செலுத்த வேண்டும்" என்று கடிதத்தில் இருக்கிறது. இது வழக்கமானதுதானா?

12 மாதம் என்பது வழக்கம்தான். ஆனால் "எக்காரணம் கொண்டு", "முழுத் தொகை" என்ற இரண்டையும் அப்படியே விட்டுவிடாதீர்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸுக்கு 58,000 ரூபாய், குடும்பத்துக்கு டிக்கெட் 17,000, வீடு கிடைக்கும்வரை சர்வீஸ் அபார்ட்மென்டுக்கு 45,000 என்று கம்பெனி மொத்தம் 1,20,000 ரூபாய் செலவு செய்கிறது. ஏழு மாதம் முடிந்ததும் நீங்கள் விலகுகிறீர்கள். உங்கள் கடிதத்தில் இப்போது உள்ளபடி 1,20,000 ரூபாயையும் கட்ட வேண்டும். பதினோரு மாதம் முடித்து விலகினாலும் அதே தொகைதான். மாத விகிதத்தில் குறையும்படி எழுதியிருந்தால், மாதத்துக்கு 10,000 ரூபாய் கழிந்து, மீதி ஐந்து மாதத்துக்கு 50,000 ரூபாய் கட்டினால் போதும். ஒரே ஒரு வரி மாறினால் உங்களுக்கு 70,000 ரூபாய் மிச்சம்.

அடுத்தது "எக்காரணம் கொண்டு". புராஜெக்ட் மூடிவிட்டது என்று கம்பெனியே உங்களை அனுப்பினாலும் இந்த வார்த்தையை வைத்துப் பணம் கேட்க முடியும். அதற்குப் பதிலாக இப்படி எழுதித் தரச் சொல்லுங்கள்: "ஊழியர் தானாக ராஜினாமா செய்தாலோ, நிரூபிக்கப்பட்ட ஒழுங்கீனத்துக்காக நீக்கப்பட்டாலோ மட்டும், நிறுவனம் உண்மையில் செலவிட்ட தொகையில், 12 மாதத்தில் மீதமுள்ள மாதங்களுக்கான பங்கைத் திருப்பிச் செலுத்த வேண்டும். புனே அலுவலகத்தில் சேர்ந்த நாளிலிருந்து கடைசி வேலை நாள்வரை மாதங்கள் கணக்கிடப்படும்."

அந்தக் கடைசி வாக்கியம் கட்டாயம் வேண்டும். பல கடிதங்களில் "கடைசித் தொகை வழங்கப்பட்ட நாளிலிருந்து 12 மாதம்" என்று இருக்கும். பில் பாஸாக இரண்டு மாதம் இழுத்தால், நீங்கள் 14 மாதம் இருந்தாக வேண்டும். அதேபோல, முடிவு நாள் ராஜினாமா கொடுத்த நாளா, கடைசி வேலை நாளா என்று தெளிவாக இல்லையென்றால், 90 நாள் நோட்டீஸ் பீரியட் உள்ள இடத்தில் மூன்று மாதக் கணக்கு மாறிப்போகும்.

கேள்வி: இந்த மாதிரி நிபந்தனையெல்லாம் கோர்ட்டில் நிற்காது என்கிறான் நண்பன். உண்மையா?

அதை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள். 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில், மூன்று ஆண்டு முடிக்காமல் விலகினால் 2 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அது பொதுத்துறை வங்கி. ஆள் எடுக்கும் முறையே வேறு. ஆனாலும் "வேலை தேடும் உரிமையைத் தடுக்கிறது" என்ற பொதுவான வாதம் அங்கே எடுபடவில்லை. உங்களுக்குக் கைகொடுப்பது 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆவது பிரிவு. ஒப்பந்தத்தில் எழுதிய தொகை உச்சவரம்புதான். அதற்குள் நியாயமான இழப்பீட்டை மட்டுமே கேட்க முடியும். 60,000 ரூபாய் செலவு செய்துவிட்டு 2 லட்சம் கேட்டால், செலவுக் கணக்கைக் காட்டுங்கள் என்று நீங்கள் தாராளமாகக் கேட்கலாம்.

கேள்வி: ராஜினாமா செய்தேன். 50,000 ரூபாய் பாக்கி என்று சொல்லி, கடைசி மாதச் சம்பளம் 70,000 ரூபாயில் அதை அப்படியே பிடித்துக்கொண்டார்கள். செய்யலாமா?

ஊதியச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி ஒரு மாத ஊதியத்தில் எல்லாப் பிடித்தங்களும் சேர்ந்து பாதியைத் தாண்டக் கூடாது. அந்த 70,000 முழுவதும் ஊதியம் என்று வைத்துக்கொண்டால் 35,000 ரூபாய்வரைதான் பிடிக்கலாம். மீதி 15,000 ரூபாயை உங்களிடம் தனியாகத்தான் கேட்டு வாங்க வேண்டும். ராஜினாமா செய்தவருக்கு இரண்டு வேலை நாளுக்குள் ஊதியம் தர வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. முதலில் எச்.ஆருக்கு மெயில் போட்டு, எந்த பில்லுக்கு எவ்வளவு, எத்தனை மாதம் கழித்தார்கள் என்ற பட்டியலைக் கேளுங்கள். பட்டியல் கேட்டதும் தொகை குறைந்ததை நிறையப் பார்த்திருக்கிறேன். அப்புறம், பி.எஃப். பணத்திலிருந்து இதை எடுக்க யாருக்கும் அதிகாரம் இல்லை.

கேள்வி: புதிதாகச் சேர்ந்தபோது ரிலொக்கேஷன் தொகை 1 லட்சம் என்றார்கள். வரி போகக் கையில் வந்தது 68,800. இப்போது விலகினால் 1 லட்சம் கட்டச் சொல்கிறார்கள்.

மொத்தமாகச் சம்பளத்தோடு சேர்த்துக் கொடுத்தால் அது சம்பளம்தான். 30 சதவீத வரியும் அதன்மேல் செஸ்ஸும் சேர்ந்து 31,200 ரூபாய் பிடித்திருக்கிறார்கள். இடமாற்றத்தில் சாமான் கட்டி அனுப்பவும் பயணத்துக்கும் உண்மையில் செலவான தொகைக்கு வரிவிலக்கு உண்டு. புதிய வரிமுறையில் இருப்பவர்களுக்கும் உண்டு. ஆனால் விதி பேசுவது இடமாற்றத்தைப் பற்றி. புதிதாகச் சேர்பவருக்குப் பல பேரோல்காரர்கள் அந்த விலக்கைத் தருவதில்லை.

திருப்பிக் கட்டுவது அதே நிதியாண்டுக்குள் என்றால், பேரோலில் அந்த ஆண்டு வருமானத்திலிருந்து 1 லட்சத்தைக் கழித்து டி.டி.எஸ்ஸைச் சரிசெய்யச் சொல்லுங்கள். மார்ச் தாண்டிவிட்டால் அது மிகவும் கஷ்டம். கையில் வராத 31,200 ரூபாயையும் நீங்களே சுமக்க வேண்டியிருக்கும். அதனால்தான் "வரி போகக் கையில் கிடைத்த தொகையே திருப்பிச் செலுத்தப்படும்" என்ற வரியைக் கையெழுத்துக்கு முன்பே கேட்டு வாங்க வேண்டும். விலகும்போது கேட்டால் யாரும் தர மாட்டார்கள்.

கேள்வி: "30 நாள் தற்காலிகத் தங்குமிடம்" என்று எழுதியிருக்கிறது. வேறு எதைக் கேட்டுக்கொள்ள வேண்டும்?

30 நாள் என்பது வேலை நாளா, காலண்டர் நாளா, சாப்பாடு, சலவை சேர்த்தியா, குடும்பத்துக்கும் பொருந்துமா. இந்த மூன்றுக்கும் கடிதத்திலேயே பதில் இருக்கட்டும். இன்னொன்று, இடமாற்றத்தின்போது ஓட்டலிலோ சர்வீஸ் அபார்ட்மென்டிலோ மொத்தம் 15 நாள்வரை தங்கவைத்தால் வரி இல்லை. 16ஆம் நாளிலிருந்து அது வரிக்குரிய சலுகை. அந்த வரியைக் கம்பெனி ஏற்குமா என்று கேளுங்கள். வீட்டு அட்வான்ஸுக்குக் கம்பெனி பணம் கொடுத்தால் அது கடன் என்று தனியாக எழுதச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அதுவும் திருப்பித் தரும் தொகையில் கலந்துவிடும்.

கேள்வி: சிறிய நிறுவனத்தில் எச்.ஆராக இருக்கிறேன். சாமான் செலவுக்கு வரம்பு எப்படி எழுதுவது?

ரூபாய் வரம்பு ஒன்றும், மூன்று கொட்டேஷனும் போதும். பில் கம்பெனி பெயரில் ஜி.எஸ்.டி. எண்ணோடு வந்து, கம்பெனியே நேராகக் கட்டுவது இருவருக்கும் நல்லது. கார், பைக் சேர்த்தியா என்று எழுதிவிடுங்கள். சண்டை பெரும்பாலும் அதில்தான். டிரான்ஸிட் இன்சூரன்ஸ் என்று பில்லில் ஒரு வரி இருந்தால், இன்சூரன்ஸ் கம்பெனி கொடுத்த பாலிசிச் சான்றைக் கேட்டு வாங்குங்கள். சில மூவர்கள் தாங்களே ஒரு தொகையை வாங்கிக்கொண்டு அந்தப் பெயரைப் போடுகிறார்கள்; பொருள் உடைந்தால் கிளெய்ம் செய்ய இடமே இருக்காது.