வைரியா, குயிலா?

கேள்வி: எங்கள் தோட்டத்து முருங்கைக் கிளையில் இந்தப் பறவை உட்கார்ந்திருந்ததாம். உறவினர் படத்தை மட்டும் அனுப்பினார். தேதியோ குறிப்போ இல்லை. முதுகு சாம்பல், மார்பு செம்மை, வயிற்றில் குறுக்குக் கோடுகள். வைரி என்னும் சிறு வேட்டைப்பறவை என்று நினைக்கிறேன். நிறத்தை வைத்து உறுதி செய்யலாமா?

பதில்: இந்தப் பறவை விஷயத்தில் நிறத்தை நம்பினால் ஏமாந்துபோவீர்கள். வைரியைப் போலவே உடுத்திக்கொண்டு திரியும் ஒரு குயில் நம் ஊரிலேயே இருக்கிறது. அதன் பெயர் அக்காக்குயில். இரண்டும் ஏறக்குறைய புறா அளவு. இரண்டுக்கும் சாம்பல் முதுகு, செம்மை கலந்த மார்பு, பட்டை போட்ட வால். இளம் பருவத்திலும் இரண்டுமே மேலே பழுப்பாகவும் கீழே திட்டுகளோடும் இருக்கும். சிறகடித்துச் சறுக்கிப் பறந்து வந்து கிளையில் அமரும் விதம்கூட ஒன்றுதான். அணில்களும் சிட்டுகளும் குயிலைப் பார்த்தே அலறுகின்றன. ஆகவே "மற்ற பறவைகள் பதறின" என்று உறவினர் சொன்னாலும் அதைச் சான்றாகக் கொள்ள முடியாது.

நிறத்தை விட்டுவிட்டு உறுப்புகளைப் பாருங்கள். படத்தைப் பெரிதாக்கியதும் நான் முதலில் தேடியது அலகை. வைரியின் அலகு குட்டையானது. நுனி கொக்கிபோல் கீழே வளைந்து, அடியில் மஞ்சள் தோல் மூடியிருக்கும். உங்கள் படத்தில் அலகு நேராக நீண்டு, நுனியில் மட்டும் மெல்ல வளைகிறது. கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையம் தெளிவாகத் தெரிகிறது. கால்கள் வயிற்று இறகுகளுக்குள் மறைந்துள்ளன. வைரியாக இருந்தால் நீண்ட மஞ்சள் கால்கள் வெளியே தெரிந்திருக்கும். மூன்றும் சேர்ந்தே வருவதால் இது அக்காக்குயில் என்று தயங்காமல் சொல்கிறேன்.

விரல்கள் தெரியும் இன்னொரு படம் கிடைத்தால் சந்தேகமே மிஞ்சாது. குயிலுக்கு இரண்டு விரல்கள் முன்னும் இரண்டு பின்னும் இருக்கும். வைரிக்கு மூன்று முன்னும் ஒன்று பின்னும். வெயிலோ நிழலோ இதை மாற்றாது. மாலை வெளிச்சமோ வெள்ளை மார்பையும் சிவக்கக் காட்டிவிடும்.

இதற்குப் பிறகும் நிறத்துக்கு ஒரு வேலை உண்டு. குளிர்காலத்தில் தென்னிந்தியாவுக்கு அரிதாக வரும் பெரிய அக்காக்குயிலுக்கு மோவாய் கறுத்திருக்கும். ஒப்பிட அருகில் எதுவும் இல்லாத படத்தில் உருவ அளவு தெரியாது என்பதால், அங்கே மோவாயின் நிறத்தைத்தான் பார்க்க வேண்டும். உங்கள் படத்தில் மோவாய் வெளுப்பு. ஆணா பெண்ணா என்று மட்டும் கேட்காதீர்கள். அக்காக்குயிலில் இரண்டும் ஒரே தோற்றம்.

உறவினரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். எந்த மாதம் எடுத்தார்? தோட்டத்தில் தவிட்டுக்குருவிகள் கூடு கட்டுகின்றனவா? அவற்றின் கூட்டில்தான் இந்தக் குயில் முட்டையிடும். கோடை நாட்களில், இரவிலும்கூட, மூன்று அசைக் கூவல் ஒன்று ஒவ்வொரு முறையும் சுருதி ஏறி உச்சத்தில் சட்டென்று நின்றுபோவதைக் கேட்டிருக்கிறாரா? கேட்டிருந்தால், அடுத்த முறை கைபேசியில் பதிவு செய்து அனுப்பச் சொல்லுங்கள். வைரியால் அந்தக் குரலை எழுப்ப முடியாது.