கடிதத்தில் ரேங்க்கும் ஸ்காலர்ஷிப்பும்: எதைச் சொல்வது, எங்கே சொல்வது

வெளிநாட்டு முதுகலைப் படிப்புக்கு எழுதும் கடிதத்தில் பெரும்பாலும் மூன்றாவது பத்திதான் சறுக்கும். முதல் இரண்டு பத்திகளில் ஏன் இந்தத் துறை, ஏன் இந்தப் படிப்பு என்று நன்றாகப் போய்க்கொண்டிருக்கும். மூன்றாவதில் ரெஸ்யூமேயின் 'சாதனைகள்' பகுதி அப்படியே வாக்கியங்களாக மாறி வந்து இறங்கிவிடும்.

ஒரு கற்பனை மாணவியை வைத்துப் பார்ப்போம். அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரி ஒன்றில் சிவில் படித்தவர். ஜெர்மனியில் நீர்வளப் பொறியியலில் எம்.எஸ்சி.க்கு விண்ணப்பிக்கிறார். கடிதம் ஆங்கிலத்தில்தான் போகும். பத்தி எப்படி இருக்கிறது என்று புரிவதற்காக இங்கே தமிழில்:

"எட்டாம் வகுப்பில் என்.எம்.எம்.எஸ். தேர்வில் தேறி உதவித்தொகை பெற்றேன். பிளஸ் டூவில் பள்ளியில் முதலிடம் பெற்றேன். கல்லூரியில் பிரகதி ஸ்காலர்ஷிப் பெற்றேன். என்பிடெல் நிலத்தடி நீரியல் தேர்வில் எலைட் பிளஸ் சில்வர் பெற்றேன். அறிவியல் அகாடமிகளின் கோடைகால ஃபெல்லோஷிப் பெற்றேன். மாநில அளவிலான ஆய்வுக் கட்டுரைப் போட்டியில் இரண்டாம் பரிசு பெற்றேன். பல்கலைக்கழக அளவில் பதினான்காம் ரேங்க் பெற்றேன்."

ஏழு வாக்கியம், ஏழு 'பெற்றேன்'. ஆங்கிலத்தில் இதுவே 'ஐ செக்யூர்ட்', 'ஐ வாஸ் அவார்டட்', 'ஐ ரிசீவ்ட்' என்று மாறி மாறி வரும். வினைச்சொல்லை மாற்றிப் போட்டால் பட்டியல் மறைந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். மறையாது. சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு: வாக்கியங்களின் வரிசையைக் கலைத்துப் போட்டுப் படியுங்கள். ஐந்தாவதை முதலில் வைத்தாலும் இரண்டாவதைக் கடைசியில் வைத்தாலும் பத்தி அதே மாதிரிதான் இருக்கிறது என்றால், ஒரு வாக்கியம் அடுத்ததைத் தாங்கவில்லை என்று அர்த்தம். அது பத்தியே இல்லை, புல்லட் குறிகளை மட்டும் நீக்கிய பட்டியல்.

இதைப் படிக்கும் பேராசிரியரின் மேசையில் ரெஸ்யூமேயும் இருக்கிறது. ஒரே தகவலை இரண்டு முறை படிக்கவைத்ததைத் தவிர இந்தப் பத்தி அவருக்கு எதுவும் செய்யவில்லை. அது மட்டுமல்ல, பிரகதி என்றால் என்ன, என்.எம்.எம்.எஸ். என்றால் என்ன என்று அவருக்குத் தெரியாது. ஏழில் ஐந்து பெயர்கள் அவருக்கு வெறும் ஒலிதான்.

முதல் வேலை, எதைக் கடிதத்துக்குள் விடுவது என்று முடிவு செய்வது. ஒரு பக்கக் கடிதத்துக்கு இரண்டு போதும், மூன்று அதிகபட்சம். 'இருப்பதில் பெரியது எது' என்று தேர்ந்தெடுக்க வேண்டாம். இந்தக் கடிதம் எந்த ஒரு விஷயத்தைச் சொல்ல வந்திருக்கிறதோ, அதற்கு எது வேலை செய்யும் என்று பாருங்கள். நம் மாணவி சொல்ல வருவது, கடலோரக் கிணறுகளில் நிலத்தடி நீர் ஏன் உப்பாகிறது என்ற கேள்வியைத் தொடர்ந்து படிக்க வேண்டும் என்பது. அந்தக் கேள்வியை முன்வைத்து ஏழையும் எடைபோடலாம்.

கோடைகால ஃபெல்லோஷிப் உள்ளே வரும், சந்தேகமே இல்லை. மூன்று தேசிய அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்துவது, இரண்டு மாதம் ஓர் ஆய்வாளரிடம் வேலை. அதில் அவர் கற்றதுதான் பின்னால் இறுதியாண்டு புராஜெக்ட் ஆனது. பிளஸ் டூ முதலிடம் வெளியே. பட்டப்படிப்பு முடித்தவரின் கடிதத்தில் பள்ளி மதிப்பெண்ணுக்கு இடமில்லை. என்பிடெல் ரெஸ்யூமேயிலேயே இருக்கட்டும். இங்கே ஒரு எச்சரிக்கை: எலைட் பிளஸ் சில்வர், எலைட் பிளஸ் கோல்டு என்பவை மதிப்பெண் வரம்புகளின் பெயர்கள். 75 முதல் 89 வரை சில்வர், 90-உம் அதற்கு மேலும் கோல்டு. அதை 'தங்கப் பதக்கம்' என்று கடிதத்தில் எழுதிவிட்டு, இணைப்பில் அந்தச் சான்றிதழை வைத்தால், மற்ற வரிகளின் மேலும் சந்தேகம் விழும்.

பல்கலைக்கழக ரேங்க் யோசிக்க வேண்டியது. சிஜிபிஏவை ஜெர்மன் பல்கலைக்கழகங்கள் பொதுவாக பவேரிய சூத்திரம் என்ற கணக்கில் போட்டு, தங்கள் அளவுகோலுக்கு மாற்றிக்கொள்ளும். அந்தக் கணக்குக்குத் தேவை உங்கள் மதிப்பெண், அதிகபட்ச மதிப்பெண், தேர்ச்சிக்கான குறைந்தபட்ச மதிப்பெண், இந்த மூன்றுதான். உங்களோடு படித்தவர்கள் எவ்வளவு வாங்கினார்கள் என்பது அதில் வராது. ஆகவே சிஜிபிஏவைக் கடிதத்தில் திரும்ப எழுதுவது வீண், ரேங்க்கை எழுதுவது வீண் இல்லை. ஆனால் 'பதினான்காம் ரேங்க்' என்று மொட்டையாக எழுதினால் பயனில்லை. பதினான்கு என்பது இருபது பேரிலா, பல்லாயிரம் பேரிலா? எத்தனை பேரில் என்பது பல்கலைக்கழக ஆவணத்தில் இருந்தால் அந்த எண்ணைப் போடுங்கள். இல்லாவிட்டால் ஊகித்துப் போடாமல், 'பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகள் அனைத்திலும் சிவில் முடித்தவர்களில்' என்று எல்லையைச் சொல்லுங்கள். கல்லூரி ரேங்க்கையும் பல்கலைக்கழக ரேங்க்கையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. வகுப்பில் எத்தனாவது என்பதைப் பரிந்துரைக் கடிதம் தரும் பேராசிரியர் சொல்லட்டும். பல பரிந்துரைப் படிவங்களில் 'முதல் 5 சதவீதம், முதல் 10 சதவீதம்' என்று டிக் அடிக்கும் கட்டமே இருக்கும். அவர் சொன்னால் அதற்கு எடை அதிகம்.

ஸ்காலர்ஷிப் விஷயத்தில்தான் பெற்றோர் அதிகம் தடுமாறுகிறார்கள். தொகையை எழுதினால் பெருமை என்று நினைக்கிறார்கள். பிரகதியில் ஆண்டுக்கு 50,000 ரூபாய், என்.எம்.எம்.எஸ்.ஸில் ஆண்டுக்கு 12,000 ரூபாய். இதை யூரோவாக மாற்றிப் பார்ப்பவருக்கு மிகச் சின்னத் தொகையாகத் தெரியும். தொகை வேண்டாம், எப்படித் தேர்ந்தெடுத்தார்கள் என்பதை அரை வரியில் சொல்லுங்கள். பிரகதி என்பது தொழில்நுட்பப் படிப்பில் சேரும் பெண்களுக்கு, குடும்ப வருமான வரம்புக்கு உட்பட்டு, தகுதி பார்த்து ஏ.ஐ.சி.டி.இ. தருவது. வருமானம், தகுதி இரண்டுமே அதில் உண்டு. ஒன்றை மட்டும் சொல்லி மற்றதை மறைக்க வேண்டியதில்லை. முதல் பட்டதாரி கட்டணச் சலுகை மட்டும் வேறு கணக்கு. அது போட்டியிட்டு வாங்கியது அல்ல, தகுதி இருப்பவர் எல்லோருக்கும் உரியது. அதை 'விருது' வரிசையில் வைத்தால் தவறு. குடும்பத்தில் முதலில் கல்லூரிக்குப் போனவர் என்ற செய்தி கடிதத்துக்குத் தேவையென்றால், அதை அப்படியே நேராகச் சொல்லலாம்.

ஸ்காலர்ஷிப்பைப் பத்திக்குள் இயல்பாக உட்காரவைக்க நல்ல வழி, அந்தப் பணத்தால் என்ன நடந்தது என்று சொல்வது. நம் மாணவி வார இறுதிகளில் டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தார். பிரகதி வந்த பிறகு அதை நிறுத்திவிட்டு, சனி ஞாயிறுகளில் கிணற்று நீர் மாதிரி எடுக்கப் போனார். இப்படி ஓர் உண்மை இருந்தால் மட்டும் எழுதுங்கள். ஸ்காலர்ஷிப் கட்டணத்துக்குப் போய்விட்டது, வேறெதுவும் மாறவில்லை என்றால் அது ரெஸ்யூமேயோடு நிற்கட்டும்.

இப்போது பத்தியைத் திரும்ப எழுதலாம். முக்கிய வினைச்சொல் செய்த வேலைக்குப் போக வேண்டும். விருது அந்த வாக்கியத்தின் பக்கவாட்டில் ஒரு தொடராக வர வேண்டும்.

"மூன்றாம் ஆண்டின் கோடையில், இந்தியாவின் மூன்று அறிவியல் அகாடமிகள் நாடு முழுவதிலுமிருந்து மாணவர்களைத் தேர்ந்தெடுத்துத் தரும் இரண்டு மாத ஃபெல்லோஷிப்பில், நீரிலுள்ள குளோரைடு, புரோமைடு விகிதத்தை வைத்து உப்பு எங்கிருந்து வந்தது என்று பிரித்தறியக் கற்றேன். அந்த முறையை எங்கள் கடலோர வட்டாரத்தின் 24 கிணறுகளில் செய்து பார்ப்பதே என் இறுதியாண்டு புராஜெக்ட் ஆனது. பொறியியல் படிக்கும் பெண்களுக்கு வருமானமும் தகுதியும் பார்த்து மத்திய அரசுத் தரப்பில் வழங்கும் பிரகதி உதவித்தொகை இருந்ததால், வார இறுதி டியூஷன் வேலையை விட்டுவிட்டு மாதிரிகளை நானே எடுக்க முடிந்தது. ஒன்பது கிணறுகளில் விகிதம் கடல்நீரோடு ஒத்துப்போகவில்லை. கழிவுநீர்க் கசிவாக இருக்கலாம் என்று சந்தேகிக்கிறேன். அதை உறுதிசெய்யத் தேவையான ஐசோடோப்பு முறைகள் எங்கள் பாடத்திட்டத்தில் இல்லை. உங்கள் இரண்டாம் பருவப் பாடங்களில் இருக்கின்றன."

இரண்டே விருதுகள். இரண்டையும் கலைத்துப் போட முடியாது, போட்டால் பத்தி உடையும். ரேங்க் இதில் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். அதை இங்கே நுழைத்தால் கிணற்றுக் கதை நடுவில் அறுந்துவிடும். படிப்புத் தயாரிப்பைப் பற்றிய வேறொரு பத்தியில், 'நீரியல், திரவ இயக்கவியல் பாடங்களில் எடுத்த மதிப்பெண்களும் சேர்ந்துதான், இணைப்புக் கல்லூரிகள் அனைத்திலும் சிவில் முடித்தவர்களில் பதினான்காம் இடம் கிடைத்தது' என்று ஒரு வரி போதும். அப்படி ஒரு பத்தி கடிதத்தில் இல்லையென்றால் ரேங்க் ரெஸ்யூமேயிலேயே இருந்துவிடலாம். மறைந்து போகாது.

கட்டுரைப் போட்டிப் பரிசு என்ன ஆனது? அது இருவர் சேர்ந்து வாங்கியது. கூட்டாக வாங்கியதை எழுதினால் உங்கள் பங்கு எது என்று எழுதியாக வேண்டும்: மாதிரி எடுத்தது யார், பகுப்பாய்வு செய்தது யார். அதற்கு இன்னும் ஒரு வாக்கியம் செலவாகும், அந்தச் செலவுக்கு இரண்டாம் பரிசு ஈடாகாது. என்.எம்.எம்.எஸ்.ஸைக் கைவிட அப்பா அம்மாவுக்கு மனம் வராது. அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்பில் எழுதித் தேறியது, வீட்டுக்கு அதுதான் முதல் பெருமை. படிப்புக்கான கடிதத்தில் அதற்கு வேலை இல்லை. ஆனால் அதே மாணவி ஓர் அறக்கட்டளையின் உதவித்தொகைக்கு விண்ணப்பித்து, அங்கே குடும்பப் பின்னணியை விளக்கச் சொல்லிக் கேட்டால், அந்தக் கடிதத்தில் அது முதல் பத்தியிலேயே வரலாம். ஒரே ரெஸ்யூமேயிலிருந்து இரண்டு கடிதங்களுக்கு வெவ்வேறு விருதுகள் போகும்.

கேம்பஸுக்கு வெளியே வேலைக்கு எழுதும் கவர் லெட்டரில் இன்னும் கறாராக இருக்க வேண்டும். ஒன்று மட்டும், அதுவும் அந்த வேலைக்கான விளம்பரத்தில் கேட்டிருக்கும் திறமையோடு நேரடியாக ஒட்டினால் மட்டும்.

அனுப்பும் முன் கடிதத்தையும் ரெஸ்யூமேயையும் சான்றிதழ்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பெயர், ஆண்டு, இடம் மூன்றையும் ஒப்பிடுங்கள். சான்றிதழில் 'ஃபெல்லோஷிப்' என்று இருப்பதைக் கடிதத்தில் 'விருது' என்று மாற்ற வேண்டாம். தேர்வுப் பட்டியலில் பெயர் வந்தது மட்டும்தான் என்றால் 'தேர்வுப் பட்டியலில் இடம்பெற்றேன்' என்றே எழுதுங்கள். ரேங்க் பட்டியல் இன்னும் வெளியாகவில்லை, பதினான்கு என்று துறையில் பேசிக்கொள்கிறார்கள் என்ற நிலையில் அந்த எண் கடிதத்தில் வரவே கூடாது. பட்டியல் வந்த பிறகு, விண்ணப்பத்தளம் கூடுதல் ஆவணம் ஏற்றுக்கொண்டால், சான்றிதழைத் தனியாகப் பதிவேற்றலாம்.