விருந்தினர் விருப்பக் குறிப்பு ஏன் அடுத்த முறை கண்ணில் படுவதில்லை?

"ஓட்டலில் விருந்தினர் விருப்பங்களைக் குறித்துத்தான் வைக்கிறோம். ஆனாலும் மறுபடி வரும்போது யாருக்கும் தெரிவதில்லை, ஏன்?"

பெரும்பாலும் குறிப்பை முன்பதிவில் எழுதியிருப்பீர்கள். அது அந்தத் தங்கலோடு முடிந்துவிடும். விருந்தினரின் புரொஃபைலில் எழுதினால்தான் அடுத்த முன்பதிவிலும் வரும். இன்னொரு சிக்கல், அவர் பயண இணையதளம் வழியாக வந்தால் புதிய புரொஃபைல் உருவாகியிருக்கும். தொலைபேசி எண்ணை வைத்துத் தேடிப் பழையதோடு இணைத்துவிடுங்கள்.

அப்புறம், எழுதும் விதம். "தலையணை பிடிக்கவில்லை" என்றால் அறையைத் தயார் செய்பவர் என்னதான் செய்வார்? "இறகுத் தலையணை வேண்டாம், பஞ்சுத் தலையணை 2, வருமுன் மாற்றவும்" என்றால் வேலை நடக்கும். காய்ச்சலில் ஒருநாள் வெந்நீர் கேட்டதை நிரந்தர விருப்பமாக்காதீர்கள். இரண்டாம் முறையும் கேட்டால் பதியலாம். ஒவ்வாமையை மட்டும் முதல் முறையே பதிய வேண்டும். கூட யார் வந்தார் என்பதையோ, எழுத்தரின் எரிச்சலையோ எழுதவே கூடாது. குறிப்பு தெரியும் கணினித் திரையை விருந்தினரே எட்டிப் பார்க்கலாம்.