லேப்டாப்பை உடனே அணைக்கலாமா?

“ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் இறால் ஏற்றுமதி கம்பெனி. கணக்காளர் லேப்டாப்பிலிருந்து ராத்திரி 2 மணிக்கு 4 ஜிபி வெளியே போயிருக்கிறது. என்ன செய்வாய் என்று சைபர் செக்யூரிட்டி இன்டர்வியூவில் கேட்டார்கள். உடனே ஆஃப் செய்வேன் என்றேன். தப்பா அண்ணா?”

ஆமாம் தம்பி, அங்கேதான் சறுக்கிவிட்டீர்கள். அணைத்தால் ரேமில் இருப்பது அழிந்துபோகும். எந்த புரோகிராம் யாரோடு பேசியது என்பதற்கான தடயம் பெரும்பாலும் அங்கேதான் கிடைக்கும்.

முதலில் ஃபயர்வால் லாகில் அந்த 4 ஜிபி எங்கே போனது என்று பாருங்கள். கம்பெனியின் சொந்த பேக்கப் சர்வருக்கு என்றால் பதற வேண்டியதில்லை. தெரியாத முகவரியா? லேப்டாப் ஓடட்டும், நெட்வொர்க்கை மட்டும் துண்டித்துவிட்டு ரேமை நகலெடுங்கள். ஃபைல்களைப் பூட்டும் ரான்சம்வேர் ஓடிக்கொண்டிருந்து, வேறு வழியில் நிறுத்த முடியாவிட்டால் மட்டும் அணைக்கலாம்.

அப்புறம் கணக்காளரின் பாஸ்வேர்டை மாற்றினால் மட்டும் போதாது. திறந்திருக்கும் மெயில் செஷன்களையும் ரத்து செய்யணும். ஏற்கெனவே உள்ளே நுழைந்ததற்கு அடையாளமான டோக்கனைத் திருடியவன், பாஸ்வேர்டு மாறிய பிறகும் உள்ளேயே இருக்கலாம். வாங்குபவருக்குப் போகும் இன்வாய்ஸில் வங்கிக் கணக்கு எண்ணை மாற்ற அதுவே போதும்.

இதையும் சொல்லுங்கள்: மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னின் 2022 உத்தரவுப்படி, தெரிய வந்த 6 மணி நேரத்துக்குள் அவர்களுக்குத் தகவல் போக வேண்டும். முழு விசாரணை முடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.