சுளுக்கியது வெளிப்பக்கம், எரிவது உள்ளங்கால்

கேள்வி: எனக்கு 46 வயது. மதுரையில் ஜவுளிக் கடையில் நாள் முழுக்க நின்று பார்க்கும் வேலை. மூன்று மாதம் முன்பு பஸ்ஸை விட்டு இறங்கும்போது வலது கால் உள்பக்கமாக மடங்கி, கரண்டையின் வெளிப்பக்கம் வீங்கிவிட்டது. உளுந்து மாவும் முட்டையும் வைத்து மூன்று வாரம் கட்டுப் போட்டிருந்தேன். வீக்கம் வற்றிவிட்டது. இப்போது உள்பக்க எலும்புக்குப் பின்னால் வலி. இரவில் வலது உள்ளங்கால் மட்டும் எரிகிறது. ஐந்து வருடமாகச் சர்க்கரை இருப்பதால் அதுதான் காரணம் என்கிறார்கள். சரியா?
– மேலூர் வாசகர்

பதில்: சர்க்கரையால் வரும் நரம்புப் பாதிப்பு பெரும்பாலும் இரண்டு கால்களிலும், விரல் நுனியில் தொடங்கி மெல்ல மேலே ஏறும். அடிபட்ட காலில் மட்டும், அதுவும் அடிபட்ட பிறகு எரிச்சல் வந்தால், முதலில் அந்தக் கணுக்காலைத்தான் பார்க்க வேண்டும்.

பாதம் உள்பக்கம் மடங்கும்போது இழுபடுவது, எலும்போடு எலும்பைக் கட்டிவைக்கும் நார்களான வெளிப்பக்க லிகமென்ட்கள். அங்கே மூன்று உண்டு. முன்னால் இருப்பது மெல்லியது. பெரும்பாலான சுளுக்கில் முதலில் கிழிவது அதுதான். வேகம் கூடினால் குதிகாலுக்கு இறங்கும் நடு லிகமென்டும் சேர்ந்து கிழியும். பின்னால் இருப்பது அபூர்வமாகத்தான் அறுபடும். உள்பக்கத்தில் விசிறிபோல விரிந்த டெல்டாய்ட் லிகமென்ட் இருக்கிறது. அது நல்ல உறுதி. ஆனால் கால் மடங்கும் அந்த நொடியில் உள்பக்க எலும்புகள் ஒன்றோடொன்று மோதி, நடுவில் அது நசுங்கலாம். வெளிப்பக்கம் சுளுக்கியவருக்கு உள்பக்கமும் பல வாரம் வலிப்பது இதனால்தான். ஆனால் அந்த நசுங்கல் வலிக்குமே தவிர, உள்ளங்காலை எரியவைக்காது.

எரிச்சலுக்கு, உள்பக்க எலும்புக்குப் பின்னால் உள்ள குறுகிய பாதையைப் பார்க்க வேண்டும். டார்சல் டனல் என்போம். ஒரு பக்கம் எலும்பு, மேலே பட்டைபோல இறுக்கமான ஒரு திசு. முன்னிருந்து பின்னாக, எலும்பை ஒட்டி பாத வளைவைத் தாங்கும் தசையை எலும்போடு இணைக்கும் நாணான டெண்டன், அடுத்து சிறு விரல்களை மடக்கும் டெண்டன், பிறகு ரத்தக் குழாய்கள், அதை அடுத்து டிபியல் நரம்பு, கடைசியில் பெருவிரலை மடக்கும் டெண்டன். இத்தனையும் போகிற வழியில் கொஞ்சம் வீங்கினாலும், தழும்பு படிந்தாலும், முதலில் முனகுவது நரம்புதான். உள்ளங்காலுக்கு உணர்ச்சி கொடுப்பதும் அதே நரம்பு. வீங்கிய காலை இறுக்கிக் கட்டியதும் அதை அழுத்தியிருக்கலாம். நாட்டுக் கட்டையே குறை சொல்லவில்லை, இறுக்கத்தைச் சொல்கிறேன். உங்களுக்கு இன்னொரு பாதகமும் உண்டு: சர்க்கரை உள்ளவரின் நரம்பு அழுத்தத்தைத் தாங்கும் சக்தி குறைவு. ஆகவே சர்க்கரையை முழுசாக விடுதலை செய்துவிடவும் முடியாது.

வீட்டிலேயே ஒன்று பார்க்கலாம். உள்பக்க எலும்புக்கும் குதிகால் நரம்பு என்று நாம் சொல்லும் தடித்த டெண்டனுக்கும் நடுவே இரண்டு விரலை மெதுவாக வையுங்கள். நாடி துடிக்கும். அதை ஒட்டிச் சற்றுப் பின்னால்தான் நரம்பு. அந்த இடத்தை விரல் நுனியால் லேசாகத் தட்டுங்கள். உள்ளங்காலுக்கோ விரல்களுக்கோ சுருக்கென்று மின்சாரம் பாய்ந்தாற்போல் ஓடினால், நரம்பு அழுத்தப்படுகிறது என்ற சந்தேகம் வலுக்கும். ஓடாவிட்டால் இல்லை என்று அர்த்தமில்லை.

அப்புறம், சுவரைத் தொட்டுக்கொண்டு வலது காலில் மட்டும் நின்று குதிகாலைத் தூக்கிப் பாருங்கள். உள்பக்கம் வலித்து, குதிகால் எழும்பவே மாட்டேன் என்றால், அல்லது பாத வளைவு முன்பைவிடத் தட்டையாகத் தெரிந்தால், முதலில் சொன்ன வளைவு டெண்டனில் கோளாறு இருக்கலாம். இதைத் தள்ளிப்போடக் கூடாது. வளைவு முழுசாகச் சரிந்துவிட்டால் பழைய நிலைக்குக் கொண்டுவருவது கடினம்.

எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். எக்ஸ்ரே எடுத்தீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. எடுக்காவிட்டால் அது முதலில். பிறகு அல்ட்ராசவுண்ட் அல்லது எம்ஆர்ஐயில் டெண்டனைச் சுற்றி நீர், சிறு கட்டி, புடைத்த ரத்தக் குழாய் ஏதும் இருக்கிறதா என்று தெரியும். நரம்புக் கடத்தல் பரிசோதனையை இரண்டு காலிலும் செய்யச் சொல்லுங்கள். நரம்பு கடத்தும் வேகம் ஒரு காலில் மட்டும் குறைந்தால் டனல், இரண்டிலும் குறைந்தால் சர்க்கரை; உங்களுக்கு இரண்டும் கலந்தும் இருக்கலாம். டனல்தான் என்றால் பலருக்கு வளைவைத் தாங்கும் செருப்பு உள்ளட்டை, பிசியோதெரபி, நிற்கும் நேரத்தைக் குறைப்பது இவற்றிலேயே குறையும். கட்டியோ தழும்போ நரம்பை நெருக்கினால்தான் அறுவை சிகிச்சை வரை போகிறோம். ஸ்டீராய்டு ஊசி போடலாம் என்றால், சர்க்கரை சில நாள் ஏறும் என்பதைக் கேட்டுக்கொண்டு போட்டுக்கொள்ளுங்கள்.

அதுவரை கடையில் மணிக்கு ஒருமுறையாவது உட்காருங்கள். எரிகிறதே என்று சுடுதண்ணீரில் மட்டும் காலை வைக்காதீர்கள். உணர்ச்சி மங்கிய பாதத்துக்குச் சூடு தெரியாது; கொப்புளம் வந்த பிறகுதான் கவனிப்பீர்கள்.